அரைநாள் வேலைக்கு ஈ.பி.எப். உண்டா? பகுதிநேர, தற்காலிக ஊழியரின் உரிமைகள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கடையிலோ கந்தோரிலோ வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதலாளி சொல்லும் வசனங்களில் அடிக்கடி கேட்பது இது: "நீர் பார்ட் டைம்தானே தங்கச்சி, ஈ.பி.எப். எல்லாம் பெர்மனன்ட் ஆக்களுக்குத்தான்." பெரும்பாலானவர்கள் இதை நம்பிவிடுகிறார்கள். முதலாளிமாரிலும் பலர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், "ஆறு மாதம் வேலை செய்தால் தானாகவே நிரந்தரம்" என்று சொல்பவர்களும் நிறைய. இரண்டும் பிழை.

இந்தக் கட்டுரை தனியார் துறையில் பகுதிநேரமாகவோ தற்காலிகமாகவோ வேலை செய்பவர்களுக்கானது. எல்லா உரிமைகளையும் இதில் சொல்லப்போவதில்லை. அதிகமான பணம் கைநழுவிப்போகும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சேமலாப நிதி, பணிக்கொடை. அப்புறம் அந்த 180 நாள் கதையையும் பார்ப்போம்.

## "எங்களையும் சமமாக நடத்துங்கள்" என்று கேட்டால் ஏன் பதில் வருவதில்லை

பகுதிநேர ஊழியரை எல்லா விதத்திலும் முழுநேர ஊழியரைப் போலவே நடத்த வேண்டும் என்று சொல்லும் ஒரு தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. சர்வதேசத் தொழில் அமைப்பு 1994-ல் பகுதிநேர வேலைக்கென்றே 175-ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. அதனால் தொழில் அலுவலகத்துக்குப் போய், "என்னைச் சமமாக நடத்துகிறார்கள் இல்லை" என்று மட்டும் சொன்னால், அந்த அலுவலர் கையில் எடுக்க ஒரு பிடி இருக்காது.

ஆனால் சமத்துவம் இல்லவே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. அது பல சட்டங்களுக்குள் துண்டுதுண்டாக இருக்கிறது. ஒவ்வொரு சட்டமும் தனக்கென்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. ஒன்று முதல் நாளிலிருந்தே எல்லாரையும் சேர்க்கிறது. இன்னொன்று ஐந்து வருடம் கேட்கிறது. வேறொன்று வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று கேட்கிறது. நியமனக் கடிதத்தின் தலைப்பில் 'தற்காலிகம்' என்று இருப்பது இவற்றில் பலவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். மூன்று ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஒரே அளவு தண்ணீர் போகாது. ஆனால் காணி சின்னது என்பதற்காக அரை ஏக்கர்காரரின் வாய்க்காலை யாரும் அடைத்துவிடுவதில்லை. அவருடைய காணிக்கு உரிய அளவு அவருக்கு வந்தே ஆக வேண்டும். பகுதிநேர ஊழியரின் உரிமைகளில் பெரும்பகுதி இப்படித்தான். வீதம் எல்லாருக்கும் ஒன்று. சம்பளம் குறைவாக இருப்பதால் வரும் தொகைதான் குறைவு.

இதுவரை பார்த்தது: பொதுவான சமத்துவ உரிமை என்று ஒன்று இல்லை. சட்டத்துக்குச் சட்டம் தனித்தனி உரிமை உண்டு. ஆகவே எதைக் கேட்கிறோம், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

## முதல் நாளிலிருந்து: ஈ.பி.எப்., ஈ.ரி.எப்.

ஈ.பி.எப். என்பது ஊழியர் சேமலாப நிதியம். 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. மாதம் தோறும் ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதத்தை முதலாளி கழித்து, தன்னுடைய கையிலிருந்து 12 சதவீதத்தைச் சேர்த்து, அடுத்த மாதம் முடிவதற்குள் இந்த நிதியத்துக்குக் கட்ட வேண்டும். நிதியைப் பராமரிப்பது மத்திய வங்கி. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம்.

ஈ.ரி.எப். என்பது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். 1980-ன் 46-ஆம் இலக்கச் சட்டம். இதற்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டுகிறார். ஊழியரிடமிருந்து ஒரு சதமும் கழிக்கக் கூடாது. சில சம்பளச் சீட்டுகளில் ஈ.ரி.எப். என்று போட்டு ஊழியரிடமிருந்தே 3 சதவீதம் கழித்திருப்பார்கள். அப்படிக் கண்டால் அது நேரடியான சட்ட மீறல்.

இந்த இரண்டுக்கும் யார் தகுதி? இங்கேதான் பெரிய தெளிவீனம் இருக்கிறது. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், பயிலுநர், நாள் கணக்கில் கூப்பிடப்படும் அமய ஊழியர், துண்டு வேலைக்காரர், ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் என எல்லாரும் உள்ளே வருகிறார்கள். தகுதிகாண் காலம் முடிய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மூன்று மாதம் கழிய வேண்டும் என்றும் இல்லை. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே கணக்குத் தொடங்க வேண்டும். எத்தனை மணித்தியாலம் வேலை என்பதைச் சட்டம் கேட்பதே இல்லை. ஒரேயொரு ஊழியர் உள்ள கடைக்கும் இது பொருந்தும்.

விதிவிலக்குகள் சில உண்டு. வீட்டுப் பணியாளர், குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் குடும்பத் தொழில், பத்துப் பேருக்குக் குறைந்த தொண்டு நிறுவனம் போன்றவை. வன்னியில் கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இங்கே சின்னச் சின்ன அமைப்புகளில் திட்ட அடிப்படையில் வேலை செய்யும் இளைஞர்கள் அதிகம். அமைப்பில் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பதில் வேறாக இருக்கலாம்.

எந்தத் தொகையில் 8-உம் 12-உம் கணக்கிடுவது என்பதிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கணக்கிட்டுவிட்டு, மீதியை 'அலவன்ஸ்' என்று ஒதுக்கிவிடுவார்கள். சட்டத்தில் 'மொத்த உழைப்பு வருமானம்' என்று சொல்லப்படுவதில் வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைக்கான கொடுப்பனவு, சாப்பாட்டுப் படி, தரகு என்பவையும் சேரும். வெளியே நிற்பது மேலதிக நேரக் கொடுப்பனவு, அதாவது ஓவர் டைம்.

சுருக்கமாக: ஈ.பி.எப்., ஈ.ரி.எப். இரண்டுக்கும் நேரமும் பதவிப் பெயரும் தடை இல்லை. சம்பளம் வாங்கும் ஊழியரா என்பதே கேள்வி.

## ஐந்து வருடமும் பதினைந்து பேரும்: பணிக்கொடை

பணிக்கொடை என்பது வேலையை விட்டுப் போகும்போது, செய்த சேவைக் காலத்துக்காக முதலாளி ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய தொகை. 1983-ன் 12-ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. இங்கே இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன.

முதலாவது, ஐந்து வருட சேவை முடிந்திருக்க வேண்டும். நான்கு வருடமும் பதினொரு மாதமும் போதாது. வேலையை நீங்களாக விட்டாலும், முதலாளி நிறுத்தினாலும், ஓய்வு பெற்றாலும் கிடைக்கும். ஊழியர் இறந்தால் குடும்பத்துக்குப் போகும். களவோ மோசடியோ சொத்துச் சேதமோ காரணமாக வேலை போனால் மட்டும், அந்த நட்டத்தின் அளவுக்குக் குறைக்கலாம்.

இரண்டாவது, வேலை முடிந்த நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாளிலாவது பதினைந்து பேரோ அதற்கு மேலோ அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். 'ஏதாவது ஒரு நாள்' என்பதை மனதில் வையுங்கள். வழக்கமாகப் பன்னிரண்டு பேர் உள்ள புடவைக் கடையில் தீபாவளிக்கு இன்னும் நான்கு பேரைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தால், அந்த நாட்களில் பதினாறு பேர் ஆகிவிடுகிறார்கள். அந்த நால்வரும் தற்காலிகம் என்பதால் எண்ணாமல் விட முடியாது. பதினைந்துக்குக் கீழே உள்ள இடமென்றாலும் வழி முழுதாக மூடிவிடவில்லை. தொழில் நியாய மன்றில் விண்ணப்பித்துப் பணிக்கொடை கேட்கலாம். ஆனால் அது வேறு பாதை, வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்கு இலகுவானது. மாதச் சம்பளக்காரருக்கு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகத் தொகையும் சேரும். பகுதிநேர ஊழியருக்கு இதில் தனியான வெட்டு ஒன்றும் இல்லை. அவருடைய சம்பளம் ஏற்கெனவே பாதி என்பதால் பணிக்கொடையும் அந்த அளவில் வருகிறது. அதையே காரணமாக வைத்து ஒன்றுமே கொடுக்காமல் விடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

## ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியில் ஒரு கட்டடப் பொருள் கடை என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டுப் பேர் வேலை. அங்கே ஒரு பெண் திங்கள் முதல் சனி வரை காலை 8 மணியிலிருந்து பகல் 12.30 வரை கணக்கு எழுதுகிறார். மாதச் சம்பளம் 24,000 ரூபா. கடிதம் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆறு வருடமும் ஒன்பது மாதமும் செய்துவிட்டு விலகுகிறார். ஈ.பி.எப். ஒரு நாளும் கட்டப்படவில்லை. எளிமைக்காகச் சம்பளம் ஒரே மாதிரி இருந்ததாக எடுப்போம்.

மாதத்துக்கு ஊழியர் பங்கு 8 சதவீதம் 1,920 ரூபா. முதலாளி பங்கு 12 சதவீதம் 2,880 ரூபா. இரண்டும் சேர்ந்து 4,800. ஈ.ரி.எப். 3 சதவீதம் 720 ரூபா. அவர் வேலை செய்தது 81 மாதம். ஆகவே ஈ.பி.எப். 388,800 ரூபாவும் ஈ.ரி.எப். 58,320 ரூபாவும் கட்டப்பட்டிருக்க வேண்டும். பணிக்கொடைக்கு முடிந்த வருடங்கள்தான் கணக்கு, ஒன்பது மாதம் விட்டுப்போகிறது. அரை மாதச் சம்பளம் 12,000, ஆறு வருடத்துக்கு 72,000 ரூபா. எல்லாம் கூட்டினால் 519,120 ரூபா. "பார்ட் டைம்தானே" என்ற ஒரு வசனத்தின் விலை இது.

இதில் இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, அந்த 8 சதவீதம். "சரி, கட்டுகிறேன், ஆனால் உங்கள் பங்கை நீங்கள் தர வேண்டும்" என்று முதலாளி கேட்கக்கூடும். ஊழியர் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் கழிக்க முடியும். அந்த மாதத்தில் கழிக்காமல் விட்டால், பிறகு ஊழியரிடம் திருப்பிக் கேட்க முடியாது. முழு 20 சதவீதமும் முதலாளியின் பொறுப்பாகிவிடுகிறது. அதற்கு மேல், பிந்திக் கட்டுவதற்கான மேலதிகக் கட்டணம் சில நாள் பிந்தினால் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் போனால் 50 சதவீதம் வரை ஏறும்.

இரண்டாவது, இந்தப் பணம் முழுதும் உடனே கையில் வராது. பணிக்கொடை கையில் வரும். ஈ.ரி.எப்.-ஐ வேலையை விட்ட பின் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மட்டும். ஈ.பி.எப். பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கும் அதற்கு முன்னரே எடுக்க வழி இருக்கிறது.

அதே பெண்ணுக்கு ஒரு விடயத்தில் மட்டும் முழுநேர ஊழியருக்குள்ள உரிமை சட்டப்படி வராது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் (1954-ன் 19) சம்பளத்தோடு வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு தருகிறது. ஆனால் அதற்கு அந்த வாரத்தில் குறைந்தது 28 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். அவர் நாளுக்கு நாலரை மணித்தியாலம், ஆறு நாள், 27 மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் குறைகிறது. மாதச் சம்பளம் வாங்குவதால் அவருக்கு நேரடியான இழப்புத் தெரியாது. நாள் சம்பளம் வாங்குபவருக்கு இந்த ஒரு மணித்தியாலம் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் முழுவதையும் இல்லாமல் செய்துவிடும். நேர அட்டவணை ஏன் சரியாக 27-ல் நிற்கிறது என்று கேட்க உங்களுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

## 180 நாள் கதை

இது இரண்டு வேறு விடயங்கள் கலந்து பிறந்த நம்பிக்கை.

ஒன்று, 1971-ன் 45-ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம். பதினைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் அல்லாத வேறு காரணத்துக்காக நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். இந்தச் சட்டம் நினைத்தபடி நிறுத்துவதைத் தடுக்கிறது. 181-ஆம் நாள் காலையில் உங்களை நிரந்தர ஊழியராக மாற்றுவதில்லை.

மற்றது அரசாங்க விடயம். 25/2014 என்ற பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரசாங்க இடங்களில் 180 நாள் வேலை செய்த அமய, தற்காலிக, ஒப்பந்த ஊழியரை நிரந்தரமாக்க வழி செய்தது. பிரதேச சபையில் வேலை செய்த மாமா நிரந்தரமானார் என்று கேட்டவர்கள், தனியார் கடைக்கும் அதே விதி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றறிக்கை தனியாரைக் கட்டுப்படுத்தாது.

இன்னொரு விதமாகவும் இந்த நம்பிக்கை தீங்கு செய்கிறது. ஆறு மாதம் முடிவதற்கு முன் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கிறார்கள் என்றால், "அப்போ எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று ஊழியரே கைவிட்டுவிடுகிறார். ஈ.பி.எப்.-க்கு 180 நாளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஐந்து மாதம் செய்தாலும் அந்த ஐந்து மாதத்துக்கும் கட்டப்பட வேண்டும்.

## கட்டுகிறார்களா என்று எப்படி அறிவது

கட்டவே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த பிரச்சினை. அதைவிட மோசமானது, சம்பளத்தில் 8 சதவீதம் கழித்துவிட்டு நிதியத்துக்கு அனுப்பாமல் இருப்பது. சம்பளச் சீட்டில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பணம் மட்டும் போய்ச் சேராது.

அறிவதற்கு முதல் படி உங்கள் அங்கத்துவ இலக்கம். அதில் நிறுவனத்தின் பதிவு இலக்கமும் உங்கள் தனி இலக்கமும் இருக்கும். சேர்ந்து இரண்டு மூன்று மாதமாகியும் இலக்கம் தர முடியவில்லை என்றால், பதிவே நடக்கவில்லை என்றுதான் எடுக்க வேண்டும். இலக்கம் இருந்தால் மத்திய வங்கி அனுப்பும் நிலுவைக் கூற்றைப் பாருங்கள். வராவிட்டால் தேசிய அடையாள அட்டையுடன் தொழில் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கூற்றில் இடையிடையே மாதங்கள் விடுபட்டிருக்கிறதா, கட்டிய தொகை உங்கள் உண்மையான சம்பளத்தின் 20 சதவீதமா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். 24,000 சம்பளத்துக்கு 3,000 ரூபாதான் விழுகிறது என்றால், முதலாளி 15,000 ரூபாவையே சம்பளமாகக் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். எப்போது சேர்ந்தீர்கள், என்ன வேலை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு சம்பளம், எப்படித் தந்தார்கள் என்று எழுதுங்கள். நியமனக் கடிதம் இல்லை என்பது முடிவல்ல. வங்கியில் வந்த சம்பள வரவு, கை எழுத்துச் சம்பளக் கொப்பி, வரவுப் பதிவேட்டின் படம், "நாளைக்கு நேரத்தோடு வாங்கோ" என்று முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, உங்கள் கையெழுத்தில் உள்ள பற்றுச்சீட்டுகள் எல்லாமே வேலை உறவைக் காட்டும். தொழில் அலுவலர் கடைக்கு வந்து பதிவேடுகளைப் பார்க்க அதிகாரம் உள்ளவர். கட்ட வேண்டும் என்று தீர்மானித்த பின்னும் கட்டாவிட்டால், விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றப் பணம் போல அறவிடப்படும்.

## ஒப்பந்தம், இடைவெளி, மேன்பவர்

வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகப் பொருந்தும். நிதி வருவதைப் பொறுத்து ஒப்பந்தம் போடப்படும், முடியும், பிறகு புதிதாகப் போடப்படும். இப்படிப் பல வருடம் செய்தவருக்குப் பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்து வருடம் உண்டா? ஒப்பந்தங்கள் இடைவெளி இல்லாமல் தொடர்ந்தால், கடிதம் புதிது என்பதால் சேவையும் புதிதாகிவிடாது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. நடுவில் உண்மையாகவே வேலை நின்று, வேறு இடத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தால் நிலைமை கடினம். நடுவில் உள்ள சில நாள் இடைவெளி வெறும் காகிதத்தில் மட்டும் இருந்ததா, அந்த நாட்களில் வேலை செய்தீர்களா என்பதே தீர்மானிக்கும். அதனால் ஒவ்வொரு ஒப்பந்தப் பிரதியையும், நடுவில் வேலை செய்ததற்கான எந்தத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள்.

மேன்பவர் நிறுவனம் மூலம் போனவர்கள், தாங்கள் நிற்கும் தொழிற்சாலையிடம் ஈ.பி.எப். கேட்டு அலைகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது யார் சம்பளம் தருகிறார், யாருடைய பெயர் சீட்டில் இருக்கிறது என்பதை. பொதுவாக மேன்பவர் நிறுவனமே கட்ட வேண்டும். முறைப்பாட்டில் இரண்டு பெயரையும் எழுதிவிடுவது நல்லது. யார் முதலாளி என்பதைத் தொழில் அலுவலர் விசாரித்துத் தீர்ப்பார்.

## கேட்டுப் பெற முடியாதவை

வருட போனஸ், நிறுவனம் தரும் மருத்துவக் காப்புறுதி, பண்டிகை முற்பணம், சீருடைப் படி என்பவை பொதுவாகச் சட்டம் தருபவை அல்ல. முழுநேரக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் பகுதிநேரக்காரருக்குக் கொடுக்காமல் விட்டால், அது நியாயமற்றது என்று நான் நினைக்கிறேன். ஆனால் தொழில் அலுவலகத்தில் அதற்கு நேரடி வழி இல்லை. ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கத்துடன் செய்த கூட்டு உடன்படிக்கையிலோ எழுதியிருந்தால்தான் பிடிக்க முடியும்.

கடைசியாக, வேலையை விடும் நாளில் நடப்பது ஒன்று. "இந்தா 50,000 ரூபா, எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போடு" என்பார்கள். ஈ.பி.எப். பணம் நிதியத்துக்குத்தான் கட்டப்பட வேண்டும், கையில் கொடுத்துத் தீர்க்கக் கூடியது அல்ல. ஆகவே அந்தக் கையெழுத்து ஈ.பி.எப். பொறுப்பை அழிக்காது. பணத்தை வாங்குவதானால், அது எதற்கான பணம் என்பதை அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்: இந்த மாதச் சம்பளமா, பணிக்கொடையா, எத்தனை வருடத்துக்கு. அந்தத் தாளின் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போங்கள்.